கபடி மைதானத்தில் கெண்டைக்கால் இழுத்தால்: நீட்டலா, உப்பா, மக்னீசியமா?

திருநெல்வேலிச் சீமையில் கோயில் கொடையை ஒட்டிச் சித்திரை, வைகாசி மாதங்களில் நடக்கும் கபடிப் போட்டிகளில், இரண்டாம் பாதியின் கடைசி நிமிடங்களில் யாரோ ஒரு வீரர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவது வழக்கமான காட்சி. சதை கல்லாக இறுகி நிற்கும். "ஏலே, குரக்களி பிடிச்சிட்டு, உப்புத் தண்ணி கொடுங்கலே" என்று ஒரு பெரியவர் குரல் கொடுப்பார். இன்னொருவர் காலைத் தேய்ப்பார். மருந்துக்கடையில் மக்னீசியம் மாத்திரை வாங்கித் தினமும் போடச் சொல்லி மூன்றாமவர் யோசனை கூறுவார். இவற்றில் எதற்கு உண்மையான ஆதாரம் இருக்கிறது என்பதைப் பார்க்குமுன், பிடித்த பிடிப்பை விடுவிப்பதும் அடுத்த பிடிப்பு வராமல் தடுப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

விடுவிப்பதைப் பொறுத்தவரை போட்டியே இல்லை, நீட்டல்தான் முதலிடம். வீரரை உட்கார வைத்து, முழங்காலை நேராக்கி, பாதத்தின் முன்பகுதியை முழங்காலின் பக்கமாக மெதுவாக இழுத்துப் பிடித்தால், பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் இறுக்கம் தளரும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. சதை நீளும்போது தசைநாணில் உள்ள இழுவிசை உணர்விகள் தூண்டப்பட்டு, தண்டுவடத்திலிருந்து அந்தத் தசைக்கு வரும் 'சுருங்கு' என்னும் கட்டளையை அடக்குகின்றன என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். பிடிப்பு விட்ட பின்னும் சதையின் மேல்தோலில் சிறு துடிப்புகள் தெரிந்தால், அல்லது பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்தவுடன் மீண்டும் இழுத்தால், அந்த நரம்புகள் இன்னும் அடங்கவில்லை என்று பொருள். அந்நிலையில் வீரரை உடனே களத்துக்கு அனுப்பினால் அடுத்த ரெய்டிலேயே திரும்பவும் விழுவார்.

உப்புக் குறைவே காரணம் என்று கொண்டால், ஒரு சிட்டிகை உப்பும் உள்ளே போகாத நிலையில் வெறும் நீட்டலால் பிடிப்பு விடுவது எப்படி என்ற கேள்வி எழுகிறது. சோடியம் உடல் முழுவதும் ஓடும் இரத்தத்தில் இருக்கும்போது, அதிகம் உழைத்த ஒரே ஒரு சதை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறது என்பது அடுத்த கேள்வி. இத்தகைய கேள்விகளிலிருந்துதான் தென்னாப்பிரிக்காவின் ஷ்வெல்னஸ் என்னும் மருத்துவர் 1997இல் களைப்புக் கோட்பாட்டை முன்வைத்தார். களைத்த தசையில் சுருக்கத்தைத் தூண்டும் நரம்புச் செய்திகள் கூடி, அதை அடக்கும் செய்திகள் குறைகின்றன என்றும், ஏற்கெனவே சுருங்கிய நிலையில் இருக்கும் தசை மேலும் சுருங்கும்போது இது உச்சம் தொடுகிறது என்றும் அக்கோட்பாடு கூறுகிறது. ரெய்டர் நுனிக்காலில் நின்றபடி பாய்வதும், பிடியில் சிக்கியவர் கோட்டைத் தொடப் பாதத்தை நீட்டி உந்துவதும் அதே நிலைதான். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் சேர்ந்த நெடுந்தூர டிரையத்லான் வீரர்களைக் கொண்டு அவரது குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், பிடிப்பு வந்தவர்களும் வராதவர்களும் நீரிழப்பிலும் இரத்த உப்புகளின் அளவிலும் பொருட்படுத்தும்படி வேறுபடவில்லை. முன்பே பிடிப்பு வந்த வரலாறும், வழக்கத்தைவிட வேகமாக ஓடியதுமே அவர்களைப் பிரித்துக் காட்டின.

ஆனால் இதைக் கொண்டு பெரியவரின் உப்புத் தண்ணீரை ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. 1920களில் பிரிட்டனின் வெப்பம் மிகுந்த நிலக்கரிச் சுரங்கங்களில், வியர்வை கொட்டக் கொட்ட வெறும் தண்ணீரையே குடித்துவந்த தொழிலாளர்களுக்குக் கடும் பிடிப்புகள் வந்தன. தண்ணீரில் உப்பைக் கலந்து கொடுத்தபோது அவை குறைந்தன.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்த முரண் விளங்கும். 70 கிலோ எடையுள்ள வீரர் ஒருவர் ஒன்றரை மணி நேரப் பயிற்சியில் அரை லிட்டர் தண்ணீர் குடித்தும், முடிவில் 68.5 கிலோ எடை காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இழந்த வியர்வை ஏறத்தாழ இரண்டு லிட்டர். வியர்வையில் லிட்டருக்கு அரை கிராம் முதல் இரண்டு கிராம் வரை சோடியம் இருக்கக்கூடும். இவருக்கு ஒரு கிராம் என்று கொண்டால் மொத்த இழப்பு இரண்டு கிராம், அதாவது ஐந்து கிராம் சாப்பாட்டு உப்பு, ஒரு சிறு தேக்கரண்டி. வியர்வை இரத்தத்தைவிட உப்புக் குறைந்த நீர் என்பதால், இந்த நிலையில் இரத்தத்தில் சோடியத்தின் செறிவு குறைவதில்லை. சற்றுக் கூடவே செய்யும். அதே வீரர் நாள் முழுவதும் அடுத்தடுத்து ஆட்டங்களில் ஆடி, வியர்வை முழுவதையும் வெறும் தண்ணீரால் ஈடுகட்டினால்தான் செறிவு கீழே இறங்கும். ஆகவே ஒரே ஆட்டத்தில் வரும் ஒற்றைக் கால் பிடிப்புக்குக் களைப்பையும், வெயிலில் நீண்ட நாள் முடிவில் கால், தொடை, வயிறு என்று இடம் மாறி வரும் பிடிப்புக்கு உப்பிழப்பையும் முதலில் சந்தேகிப்பது நியாயம். பனியனில் வெள்ளைப் படலமாக உப்புப் பூப்பவர்களுக்கு இந்த இரண்டாவது வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு ஒரு லிட்டர் நீரில் கரைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பொருத்தமானது. உப்பிட்ட நீர்மோரும் நீராகாரமும் ஓரளவு உதவும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் பெரும்பகுதி போவது சோடியம் என்பதால் அதை இதற்கு மாற்றாகக் கருத முடியாது. இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

மக்னீசியத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் புதுப்பித்த திறனாய்வு, முதியோரின் இரவு நேரப் பிடிப்புக்கு அது குறிப்பிடத்தக்க பயன் தர வாய்ப்பில்லை என்று முடிவு செய்தது. உடற்பயிற்சியின்போது வரும் பிடிப்புக்கோ, முறையான ஒப்பீட்டுச் சோதனை ஒன்றுகூட அந்தத் திறனாய்வாளர்களுக்குக் கிடைக்கவில்லை. வாய்வழி மாத்திரையால் சிலருக்கு வயிற்றுப்போக்கும் வரக்கூடும்.

ஊறுகாய் நீரின் கதை இதைவிடச் சுவையானது. 2010இல் மில்லர் என்பவரின் குழு அமெரிக்காவில், மின்தூண்டலால் கால் பெருவிரல் தசையில் பிடிப்பை உண்டாக்கிச் சோதித்தபோது, வெள்ளரி ஊறுகாயின் காடிநீரைக் குடித்தவர்களுக்குத் தண்ணீர் குடித்தவர்களைவிட ஏறத்தாழ 50 நொடி முன்னதாகப் பிடிப்பு விட்டது. அந்தக் குறுகிய நேரத்தில் உப்பு இரத்தத்தை எட்டியிருக்காது. தொண்டையில் படும் புளிப்பு ஏதோ ஒரு நரம்பு மறிவினையைத் தூண்டுகிறது என்றே ஆய்வாளர்கள் ஊகிக்கின்றனர். நம் வீட்டு எலுமிச்சை, நார்த்தங்காய் ஊறுகாய்களில் காடி கிடையாது என்பதால் இந்த முடிவை அவற்றுக்கு அப்படியே பொருத்த முடியாது. எப்படியும், நீட்டல் அதற்கு முன்பே வேலையை முடித்துவிடும்.

தடுப்புக்கு வருவோம். போட்டியின் வேகத்துக்குப் பயிற்சியின் வேகம் ஈடாக இல்லாமையே பெரும்பாலும் குறையாக இருக்கிறது. மாலைப் பயிற்சியில் அரை மணி நேரம் ஆடிவிட்டுக் கொடைப் போட்டியில் ஒரே இரவில் மூன்று ஆட்டம் ஆடுபவருக்கு எந்தக் கரைசலும் காவலாகாது. கெண்டைக்காலைக் களைப்பு நிலையிலும் உழைக்கப் பழக்குவது, குதிகால் உயர்த்தும் பயிற்சியை வாரத்தில் இரண்டு மூன்று முறை படிப்படியாகக் கூட்டிச் செய்வது, வெயில் காலத்தின் தொடக்கத்தில் ஒன்றிரண்டு வாரம் உடலை வெப்பத்துக்குப் பழக்குவது ஆகியவை மாத்திரையைவிடத் தர்க்கத்துக்குப் பொருந்துகின்றன. எனினும் இவற்றுக்கான ஆதாரமும் நீட்டலுக்கு உள்ள அளவு வலுவானதன்று. பிடிப்பு உடல் முழுவதும் பரவினாலோ, வாந்தியும் குழப்பமும் சேர்ந்தாலோ, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, காலை நீட்டிக்கொண்டு மைதானத்தில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.