ஒரே தேதியா, இரண்டு தவணையா: கெடு தவறினால் எடிட்டருக்கு எப்படி எழுதுவது?

திங்கள் மாலை 6 மணி கெடு. 2000 சொல் கட்டுரையில் 1400 தயார், பாக்கி ஒரு பேட்டிதான், ஆனால் பேச வேண்டியவர் புதன் காலை 11 மணிக்குத்தான் நேரம் கொடுத்திருக்கிறார். இந்த இடத்தில் ஃப்ரீலான்சர் இரண்டு விதமாக மெயில் எழுதலாம்.

முதல் விதம்:

"வணக்கம் மேடம். இன்று தர வேண்டிய கட்டுரை தயாராகவில்லை, மன்னிக்கவும். பேட்டி தள்ளிப்போனது போன வாரமே தெரியும், அப்போதே சொல்லாதது என் தவறு. முழுக் கட்டுரையும் வியாழன் காலை 10 மணிக்கு வந்துவிடும்."

இரண்டாவதில் மன்னிப்பு அதேதான், திட்டம் வேறு:

"முடிந்த 1400 சொற்களை இணைத்திருக்கிறேன், எடிட்டிங் தொடங்கலாம். பேட்டிப் பகுதி, சுமார் 600 சொல், புதன் இரவு 8 மணிக்கு வரும். பேட்டி நடக்காவிட்டால் மதியம் 1 மணிக்கே சொல்லிவிட்டு, அது இல்லாமலே கட்டுரையை முடித்து அதே 8 மணிக்குத் தருகிறேன். இது உங்கள் பக்க வேலைக்கு ஒத்துவருமா?"

என் ஓட்டு இரண்டாவதுக்கு. எடிட்டருக்கு அந்த நேரத்தில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கலாமா, வேறு கட்டுரையைப் போட்டுவிடலாமா. முதல் மெயிலை நம்பிக் காத்திருந்தால் வியாழன் காலை வரை அவர் கையில் ஒன்றுமே இல்லை. இரண்டாவதில் பாதிக்கு மேல் இப்போதே வந்துவிட்டது, தலைப்பு, படம், தகவல் சரிபார்ப்பு எல்லாம் ஓடத் தொடங்கும், பேட்டி சொதப்பினாலும் 1400 சொல்லுக்குக் குறையாது என்று கணக்குப் போட்டு பக்கத்தை வடிவமைக்கலாம்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பேட்டியில் வரும் ஒரு பதில் கட்டுரையின் தொடக்கத்தையே மாற்றிவிடும் என்றால், அனுப்பிய 1400 "முடிந்த" பகுதியே அல்ல. எடிட்டர் திருத்திய பிரதி ஒருபக்கம், நாம் மாற்றிய பிரதி இன்னொருபக்கம் என்று இரண்டு கோப்புகள் சுற்ற ஆரம்பித்தால் தாமதத்தைவிட அது பெரிய தலைவலி. நானே ஒருமுறை அப்படி அனுப்பிவிட்டு இரண்டாம் நாள் முதல் மூன்று பத்திகளை மாற்றினேன், எடிட்டர் தன் திருத்தங்களை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. ஒரே வாதமாக ஓடும் கருத்துக் கட்டுரைகளுக்கு அதனால்தான் முதல் விதமே சரி.

அப்புறம் நேரக் கணக்கு. பேட்டி 11 மணிக்கு, ஒரு மணி நேரம் பேச்சு, பதிவைக் கேட்டு எழுத மூன்று மணி நேரம், 600 சொல் எழுதித் திருத்த இரண்டு. மாலை 5 ஆகிவிடும். 8 மணி என்று சொன்னதில் மூன்று மணி நேரம் கையிருப்பு இருக்கிறது. குற்ற உணர்ச்சியில் "5 மணிக்கே தருகிறேன்" என்று எழுதத்தான் கை பரபரக்கும். அதையும் தவறவிட்டால் அடுத்த மன்னிப்பு மெயிலை எடிட்டர் திறந்து பார்ப்பதற்குள் அந்த இடத்தில் வேறு கட்டுரை ஏறியிருக்கும்.