ஹார்ட் டிஸ்க்கை வாங்கும்போதே ஃபைல்களை எண்ணிப் பாருங்கள்

எடிட்டரிடமிருந்து "எல்லாம் இதில் இருக்கிறது" என்ற வார்த்தையோடு ஒரு ஹார்ட் டிஸ்க்கை வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்கள், தயவுசெய்து இன்றைக்கே அதை எடுத்துத் திறந்து பாருங்கள். நான் நான்கு வருடம் கழித்துத்தான் திறந்தேன்.

ஒரு சிறு ஆவணப்படம், மூன்று நாள் படப்பிடிப்பு, ஒரே கேமரா. எடிட்டிங்கை ஒரு நிறுவனத்திடம் கொடுத்தேன். பேசிய தொகை முழுவதையும் வாங்கிக்கொண்டு, பிராஜெக்ட், ஃபுட்டேஜ் இரண்டையும் ஒரு டிஸ்க்கில் போட்டு, "பேக்கப்பும் சேர்த்தே வைத்திருக்கிறோம்" என்று கொடுத்தார்கள். படத்தில் பேசிய ஒருவர் தன் பகுதியை நீக்கச் சொல்லிக் கேட்டதால் இப்போது பிராஜெக்டை எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் திறந்தேன். டைம்லைன் முழுக்க சிவப்பாக Media Offline.

அது பெரிய விஷயமில்லை, டிரைவ் எழுத்து மாறினாலே அப்படித்தான் வரும். Link Media போய் ஃபோல்டரைக் காட்டினேன், எல்லாம் மளமளவென்று இணைந்துவிட்டது. ஓட்டிப் பார்த்தால் ஒரு பாட்டி பேசும் குரல் ஓடுகிறது, திரையில் காலியான வராந்தா. அடுத்த ஷாட்டும் தப்பு, அதற்கடுத்ததும் தப்பு.

காரணம் இதுதான். கார்டை ஃபார்மட் செய்தால் எண்ணை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்படி அந்தக் கேமராவில் வைத்திருந்தோம், அதனால் மூன்று நாளும் C0001.MP4 என்றே ஆரம்பித்தது. முதல் நாள் 74 கிளிப், இரண்டாம் நாள் 81, மூன்றாம் நாள் 59, ஆக மொத்தம் 214. எடிட் செய்த கணினியில் இவை நாள்வாரியாகத் தனித்தனி ஃபோல்டரில் இருந்திருக்கின்றன. எனக்குக் கொடுக்கும்போது எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டியிருக்கிறார்கள், அதே பெயரில் ஃபைல் இருக்கிறது என்று விண்டோஸ் கேட்டபோது Skip அழுத்தியிருக்கிறார்கள். முதல் நாளின் 74-ம் தப்பித்தன, இரண்டாம் நாளில் கடைசி ஏழு மட்டும் தப்பின, மூன்றாம் நாளில் ஒன்றுகூட இல்லை. டிஸ்க்கில் இருந்தது 81 ஃபைல்தான். பிரீமியரும் பெயரை வைத்தே இணைத்ததால், இரண்டாம் நாள் C0012 இருக்க வேண்டிய இடத்தில் முதல் நாள் C0012 வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த Link Media ஜன்னலில் Media Start-ஐயும் டிக் செய்திருந்தால், டைம்கோட் வேறாக இருக்கும் கிளிப்புகளாவது தவறாக இணைந்திருக்காது.

பேக்கப் என்றார்களே, அது அதே டிஸ்க்கில் இன்னொரு ஃபோல்டர், அதே 81 ஃபைலின் நகல். கேட்டதற்கு, ஒரு வருடத்துக்கு மேல் பழைய வேலைகளை வைத்திருப்பதில்லை என்று பதில் வந்தது. அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன?

எது தொலைந்தது என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், பிரீமியர் பிராஜெக்டைச் சேமிக்கும் .prproj ஃபைல் உண்மையில் சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல்தான். மேக் அல்லது லினக்ஸில் டெர்மினலைத் திறந்து இதை ஓட்டினால், பிராஜெக்ட் எந்தெந்தப் பாதையில் ஃபைலைத் தேடுகிறது என்று மொத்தப் பட்டியலும் வந்துவிடும்:

```
gunzip -c < padam.prproj | grep -o "<FilePath>[^<]*" | sort -u
```

நாள் ஃபோல்டர்களின் பெயர்களை அதில்தான் பார்த்தேன். பின்னணி இசை அவர்களுடைய Downloads ஃபோல்டரிலிருந்து வந்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது, அதுவும் டிஸ்க்கில் இல்லை.

இப்போது நான் செய்வது: எடிட்டுக்குக் கொடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு கிளிப்புக்கும் N2_A_C0012.MP4 மாதிரி, நாள், கேமரா, பழைய பெயர் மூன்றும் சேர்த்துப் பெயர் வைத்துவிடுகிறேன். எடிட் தொடங்கிய பிறகு மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும், அதனால் முன்னாலேயே. (ஒரு நீண்ட ஷாட்டைப் பல ஃபைலாக உடைக்கும் ஏவிசிஹெச்டி போன்ற கார்டுகளில் உள்ளே இருக்கும் பெயரைத் தொடாதீர்கள், முழுக் கார்டையும் அப்படியே ஒரு ஃபோல்டரில் போட்டு அந்த ஃபோல்டருக்குப் பெயர் வையுங்கள்.) வேலை முடிந்ததும் Project Manager-இல் Collect Files and Copy to New Location கொடுக்கச் சொல்கிறேன். அது எழுத்துருக்களை எடுத்துவராது, டைனமிக் லிங்க் செய்த ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பிராஜெக்டையும் எடுத்துவராது, இரண்டையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அப்புறம் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன், அந்த டிஸ்க்கை எடிட் செய்யாத வேறொரு கணினியில் செருகி, பிராஜெக்டைத் திறந்து முழுப் படத்தையும் ஓட்டிப் பார்க்கிறேன். எடிட் செய்த கணினியிலேயே திறந்து காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது பழைய பாதையிலிருந்தே ஃபைலை எடுத்து ஓட்டிக் காட்டிவிடும்.

இரண்டாம் நாள் கார்டின் நகல் கேமராமேனிடம் இருந்தது, அந்த 81-ம் கிடைத்துவிட்டன. மூன்றாம் நாளின் 59 கிளிப்பும் போயே போய்விட்டன. அந்தப் பகுதிகளை முடித்த படத்தின் எம்பி4-இலிருந்து வெட்டி எடுத்துத்தான் ஒட்டினேன், எழுத்தும் இசையும் அதிலேயே படிந்திருக்கின்றன, வெட்டும் இடத்தில் இசை அறுபடுகிறது.