ஸ்வரம் எழுத எந்தச் செயலி? என் கையில் நிலைத்தது ஷீட்ஸ்தான்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் பாட்டு வகுப்புக்குப் போகிறேன். அங்கே நோட்டில் எழுதுவதை வீட்டுக்கு வந்து ஏற்றிவைக்க, சில வருஷங்களாகப் பல செயலிகளைப் புழங்கிப் பார்த்துவிட்டேன்.

சாதாரண குறிப்புச் செயலியில் தமிழ் ஸ்வரம் எழுதும்போது முதலில் இடிப்பது புள்ளி. தார ஸ்தாயிக்கு எழுத்தின் மேல் புள்ளி வைப்பது அச்சுப் புத்தக வழக்கம். தட்டச்சில் அப்படி வைத்தால் ஸ என்பது ‘ஸ்’ என்ற மெய்யெழுத்தாகிவிடும். ரி, நி மேல் வைத்தால் பல எழுத்துருக்களில் புள்ளி தனியாகப் பிரிந்து ஒரு புள்ளிவட்டத்தின் மேல் நிற்கும். அதனால் தார ஸ்தாயிக்கு ஸ', மந்திரத்துக்கு நி. என்று எழுத்துக்குப் பின்னால் குறியிடுகிறேன். போன் விசைப்பலகையில் இரண்டு முறை இடைவெளி தட்டினால் முற்றுப்புள்ளி விழும் வசதியை முதலிலேயே அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் மத்திய ஸ்தாயி ஸ்வரம் மந்திரமாகிவிடும்.

மியூஸ்ஸ்கோர் இலவசம், அருமையான மென்பொருள். ஆனால் அது மேற்கத்திய ஐந்து கோட்டு முறை. நமக்கு ஸ எந்தக் கட்டையிலும் இருக்கலாம். அங்கே அதை ஒரு சுருதியில் நிறுத்தியாக வேண்டும்.

கூகுள் ஷீட்ஸில் ஒரு கட்டம் ஓர் அட்சரம், ஒரு வரிசை ஓர் ஆவர்த்தனம். மோகன ராக கீதம் ‘வர வீணா’ ரூபக தாளம், த்ருதம் 2, லகு 4. ஆறு பத்திகள் போதும்:

```
க | க || ப  | , | ப  | ,
த | ப || ஸ' | , | ஸ' | ,
```

காற்புள்ளி ஓர் அட்சரக் கார்வை. ஒரு கட்டம் காலியாக இருந்தால் கார்வை விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்த உடனே தெரியும். இதற்காகவே இந்த முறையை விட மனம் வரவில்லை. இரண்டாம் காலத்தில் இரண்டு ஸ்வரத்தை ஒரே கட்டத்தில் ‘ஸரி’ என்று சேர்த்து எழுதுவேன். அடிக்கோடு போட்டால், வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது அது காணாமல் போகும். ஒற்றை மேற்கோள் குறியைக் கட்டத்தின் தொடக்கத்தில் போடக் கூடாது. ஷீட்ஸ் அதை விழுங்கிவிடும்.

சாகித்யம் ஸ்வரத்துக்குக் கீழே தனி வரிசை. வகுப்பில் பாதிப் பேர் கன்னடம்தான் படிப்பார்கள். ஸ்வர வரிசைகளில் மட்டும் ஏழு ஸ்வர எழுத்தையும் ‘தேடி மாற்று’ கொடுத்துக் கன்னட எழுத்தாக்கினால் அவர்கள் பிரதி தயார். மொத்தத் தாளிலும் கொடுத்தால் சாகித்யத்தில் இருக்கும் க, ப எல்லாம் சேர்ந்து மாறிவிடும்.

கமகம் நான் புழங்கிய எந்தச் செயலியிலும் ஏறவில்லை. தோடி காந்தாரத்தை க என்று எழுதி வைத்தால் அதன் அசைவு ஒன்றும் தெரியாது. டீச்சர் அனுமதியோடு பதிவு செய்து, அந்த வரி பதிவில் எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறது என்பதைக் கடைசிப் பத்தியில் குறித்துவைக்கிறேன்.