பாஸ்வேர்ட் மறந்த ஜிப்பும் வேர்டு கோப்பும்: எந்த வழி எதைத் திறக்கும்?

சித்தப்பா ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து வைத்தார். அதில் இரண்டு கோப்புகள். ஒன்று 2013இல் அவரே கட்டிவைத்த குடும்பப் படங்களின் ஜிப், மற்றொன்று சில வருடங்களுக்கு முன் கடன் கணக்கு எழுதிவைத்த வேர்டு கோப்பு. "ரெண்டுக்கும் பாஸ்வேர்ட் போட்டேன்டா, ரெண்டும் மறந்துபோச்சு. நெட்ல அஞ்சு நிமிஷத்துல திறந்து தர்றானாமே?" என்றார். அந்த 'அஞ்சு நிமிஷம்' ஒரு கோப்புக்கு ஓரளவு உண்மை. மற்றதற்கு இல்லை. கேட்கிற இடத்தில் யாரும் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

வழிகள் மூன்று. பூட்டிலேயே உள்ள ஓட்டையைப் பயன்படுத்துவது, நினைவில் மிச்சம் இருப்பதை வைத்துக் குறிபார்த்து ஊகிப்பது, எழுத்து எழுத்தாக எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பது. எது பலிக்கும் என்பதை மென்பொருளின் விலையை விட பூட்டின் வகைதான் அதிகம் தீர்மானிக்கிறது. அதனால் முதலில் செவன்-ஜிப் மென்பொருளின் கட்டளையை வைத்துப் பூட்டைப் பார்க்க வேண்டும்:

```
7z l -slt padam.zip
```

பூட்டிய ஜிப்பிலும் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர், அளவு எல்லாம் வெளியே தெரியும். 'Method' என்ற வரியில் `ZipCrypto` என்று வந்தால் அது பழைய பூட்டு. `AES-256` என்று வந்தால் புதியது. சித்தப்பாவின் ஜிப்பில் `ZipCrypto Deflate` என்று வந்தது. எனக்குப் பாதி கவலை அங்கேயே தீர்ந்தது.

பழைய பூட்டின் ஓட்டையை 1994இலேயே பிஹாம், கோச்சர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். பூட்டிய கோப்பின் உள்ளடக்கத்தில் ஒரு சிறு பகுதி நமக்கு அப்படியே தெரிந்தால், அதை வைத்து உள் சாவியைக் கணக்கிட்டுவிடலாம். பாஸ்வேர்ட் நாற்பது எழுத்தாக இருந்தாலும் கவலையில்லை. இதைச் செய்யும் `bkcrack` என்ற இலவச நிரலுக்குக் குறைந்தது 12 பைட் தெரிந்தால் போதும், அதில் 8 அடுத்தடுத்து இருக்க வேண்டும். ஆனால் 12ஐ மட்டும் வைத்தால் நெடுநேரம் ஓடும். ஒரு முழுக் கோப்பே கையில் இருந்தால் பெரும்பாலும் நிமிடங்களில் முடியும்.

ஆக, ஜிப்பில் இருக்கும் படங்களில் ஒன்றாவது வெளியே எங்காவது இருக்க வேண்டும். சித்தப்பா முதலில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருந்து ஒன்றை எடுத்து அனுப்பினார். பார்க்க அதே படம்தான். ஆனால் வாட்ஸ்அப் வழக்கமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், பைட்கள் வேறாகிவிடும். இதைச் சோதிக்க நல்ல வழி இருக்கிறது: மேலே சொன்ன பட்டியலில் ஒவ்வொரு கோப்புக்கும் `CRC` என்று ஒரு எண் வரும். கையில் உள்ள படத்துக்கு `7z h` போட்டால் அதன் எண் வரும். இரண்டும், கோப்பின் அளவும் ஒன்றாக இருந்தால் அதே கோப்பு என்று நம்பலாம். வாட்ஸ்அப் படத்துக்கு ஒத்துவரவில்லை. அப்புறம் பழைய மின்னஞ்சலில் இணைப்பாக அனுப்பியிருந்த ஒரு படத்துக்கு ஒத்துவந்தது.

இன்னும் ஒரு படி உண்டு. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஜிப் முதலில் கோப்பைச் சுருக்கி, பிறகுதான் பூட்டுகிறது. அதனால் நமக்குத் தெரிய வேண்டியது படத்தின் பைட்கள் அல்ல, சுருக்கிய பிறகான பைட்கள். எந்த மென்பொருளில், எந்த அளவில் சுருக்கினாரோ அதே மாதிரி நாமும் சுருக்க வேண்டும். சித்தப்பா செவன்-ஜிப்தான் பயன்படுத்துவார் என்று தெரியும். நானும் அதிலேயே பாஸ்வேர்ட் இல்லாமல் `plain.zip` செய்தேன். சரியாக வந்ததா என்று பார்க்க `Packed Size` உதவும்: பூட்டியதில் அது நம்முடையதை விடச் சரியாக 12 கூடுதலாக இருக்க வேண்டும். பூட்டுக்கான தலைப்பு 12 பைட், அவ்வளவுதான். இரண்டாவது முயற்சியில் வேறு சுருக்க அளவு வைத்தபோது அந்த 12 வந்தது.

```
bkcrack -C padam.zip -c DSC_0412.JPG -P plain.zip -p DSC_0412.JPG
bkcrack -C padam.zip -k K1 K2 K3 -U puthu.zip puthusu
```

முதல் வரி மூன்று சாவி எண்களைத் தந்தது. அவற்றை K1, K2, K3 இடத்தில் போட்டால் இரண்டாவது வரி அதே ஜிப்பைப் புதிய பாஸ்வேர்டுடன் எழுதித் தரும். பழைய பாஸ்வேர்ட் என்ன என்பது கடைசி வரை தெரியவில்லை. தேவையும் இல்லை. எல்லாப் படங்களுக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்பதால் எல்லாம் திறந்தன.

இதுவே `AES-256` ஆக இருந்திருந்தால் இந்த வழி மூடியிருக்கும். ஒரு படம் கையில் இருந்தும் பயனில்லை, பாஸ்வேர்டை ஊகித்தாக வேண்டும். சித்தப்பாவின் வேர்டு கோப்பும் அந்த ரகம்தான். (எக்செல் ஷீட்டைத் திருத்தவிடாமல் தடுக்கிற பாஸ்வேர்ட் வேறு கதை. உள்ளடக்கம் அங்கே பூட்டப்படுவதே இல்லை, அதை எளிதில் நீக்கலாம். திறக்கவே விடாத பாஸ்வேர்ட் பற்றித்தான் இங்கே பேச்சு.)

ஊகிப்பதன் வேகத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறார்கள். ஏஇஎஸ் ஜிப்பில் ஒவ்வொரு ஊகத்துக்கும் 1,000 சுற்றுக் கணக்கு. வேர்டு 2013க்குப் பிந்தைய கோப்பில் 1,00,000 சுற்று, அதுவும் கனமான வகை. ஒரு கணினி நொடிக்குப் பத்து லட்சம் ஏஇஎஸ் ஜிப் ஊகங்களும் 20,000 வேர்டு ஊகங்களும் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிய எழுத்தும் எண்ணும் கலந்த 8 எழுத்துப் பாஸ்வேர்டை எல்லாச் சேர்க்கையும் போட்டுப் பார்க்க ஜிப்புக்கு ஒரு மாதம், வேர்டுக்கு நாலரை வருடம். பத்து எழுத்தானால் ஜிப்புக்கே நூறு வருடத்துக்கு மேல். பத்து மடங்கு வேகமான கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினாலும் பத்து வருடத்துக்கு மேல். மூன்றாவது வழியை நான் ஆறு எழுத்துக்கு மேல் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

இரண்டாவது வழி வேறு மாதிரி. "பேர் ஒண்ணு போட்டிருப்பேன், பின்னாடி வருஷம், கடைசில ஒரு குறி" என்றார் சித்தப்பா. இருபது பெயர்கள் எழுதினோம், முதல் எழுத்து பெரிதாகவும் சிறிதாகவும் நாற்பது. நான்கு இலக்கம், ஒரு குறி சேர்த்தால் ஒரு கோடியே முப்பத்திரண்டு லட்சம். மேலே சொன்ன வேகத்தில் வேர்டுக்கே பதினோரு நிமிடம். கீழே முதல் வரி கோப்பின் பூட்டுத் தகவலை மட்டும் `hash.txt`இல் எடுத்து வைக்கும். இரண்டாவது வரியில் ஊகிக்கும் நிரலான `hashcat`, `peyar.txt`இல் உள்ள பெயர்களோடு நான்கு இலக்கமும் ஒரு குறியும் சேர்த்துப் போட்டுப் பார்க்கும்.

```
office2john.py kadan.docx > hash.txt
hashcat -m 9600 -a 6 hash.txt peyar.txt ?d?d?d?d?s
```

`hash.txt` வரியில் முன்னால் கோப்பின் பெயர் ஒட்டிக்கொண்டு வரும். `$office$` என்பதற்கு முன்னால் உள்ளதை அழிக்காவிட்டால் `hashcat` ஏற்காது. நம் ஊர்ப் பெயர்களுக்கு இன்னொரு தொல்லை, ஆங்கில எழுத்தில் ஒரே எழுத்துக்கூட்டு கிடையாது. lakshmi, laxmi, latchumi மூன்றையும் போட வேண்டும். அப்படிப் போட்டுப் பட்டியல் நூற்றுப்பத்து ஆனது. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து `Exhausted` என்று நின்றது.

அந்தச் சொல்லுக்குப் பொருள் இந்த அமைப்பில் பாஸ்வேர்ட் இல்லை என்பது மட்டும்தான். நினைவு தப்பாக இருக்கலாம். இதே இடத்தில்தான் பணம் வாங்கும் தளங்கள் வருகின்றன. அவர்களிடம் கார்டுகள் அதிகம் இருக்கும், மந்திரம் இருக்காது. திறந்தால் மட்டும் காசு என்பவரிடம் கொடுக்கலாம், ஆனால் கடன் கணக்கு முழுவதும் அந்நியர் கையில் போகும். முன்பணத்தோடு 'நூறு சதவீதம்' என்பவரிடம் நான் போக மாட்டேன்.

"வருஷம் இல்லாம வண்டி நம்பர் போட்டிருப்பேனோ?" என்றார் சித்தப்பா மறுநாள் போனில். அவர் இதுவரை வைத்திருந்த நான்கு வண்டிகளின் எண்களையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.