கும்பகோணத்தில் டைப்டு செட் போடக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பாபநாசம் பக்கம் குடமுருட்டிப் பாசனத்தில் எங்களுக்கு இருக்கும் நஞ்சை பற்றிய பாகப் பிரிவினை வழக்கு மேல்முறையீடாக மதுரைக் கிளைக்குப் போனது. அதற்கு ஆவணங்களைத் தொகுத்து 'டைப்டு செட்' போட வேண்டும். வக்கீல் ஆபீஸில் ஆள் இல்லாததால் கும்பகோணத்தில் ஒரு டைப்பிங் கடையில் கொடுத்தோம். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். இதே வேலைக்கு நிறையப் பேர் போகிறீர்கள், யாரும் என்னைப் போல் அலையக்கூடாது.

மூன்று செட், அழகாக ஸ்பைரல் போட்டு, மேலே பிளாஸ்டிக் அட்டையுடன் கொடுத்தார்கள். முதல் பக்கத்தைப் பார்த்தேன். அப்பா பெயர், ஊர், எதிர்த்தரப்பு எல்லாம் சரி. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். சில நாள் கழித்து, பிழை இருக்கிறது என்று தாக்கல் பிரிவிலிருந்து கட்டு திரும்பி வந்தது. வக்கீல் எனக்கு போன் செய்து, "தம்பி, உங்க கட்டுல வேற யாரோட பேரோ இருக்கு, வந்து பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். இன்டெக்ஸின் இரண்டாம் பக்கத்திலும், அடுத்து உள்ளே ஆறு பக்கங்களிலும், மேலே சின்ன எழுத்தில் ஒரத்தநாடு பக்கத்துக் குடும்பம் ஒன்றின் பெயரும் சர்வே எண்ணும் இருந்தன. அந்தக் கடை புதிதாக எதையும் தொடங்குவதில்லை. முன்பு வந்தவரின் வேர்ட் கோப்பைத் திறந்து, உள்ளே இருப்பதை அழித்து, நம்முடையதை டைப் செய்து சேமிக்கிறார்கள். அந்தக் கோப்பில் 'Different First Page' என்ற அமைப்பு போடப்பட்டிருந்தது. அது இருந்தால் முதல் பக்கத்தின் ஹெட்டர் தனி, மீதிப் பக்கங்களின் ஹெட்டர் தனி. டைப் செய்தவர் முதல் பக்கத்தில் மாற்றினார், அது அங்கே மட்டும்தான் மாறியது. நானும் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தேன், அவரும் அதை மட்டும்தான் பார்த்திருக்கிறார். இரண்டாம் பக்கத்தைப் புரட்டியிருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும். ஹெட்டரை எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டிய இடம் அந்த இரண்டாம் பக்கம்தான்.

இதைவிடப் பெரிய பிழை பக்க எண்ணில் இருந்தது. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொன்னால்தான் புரியும்.

முதல் ஆவணம் 1968-ல் தாத்தா வாங்கிய கிரயப் பத்திரம், எட்டுப் பக்கம். இரண்டாவது 1987 பாகப் பிரிவினைப் பத்திரம், பன்னிரண்டு பக்கம். அப்புறம் கீழ்க் கோர்ட் தீர்ப்புகள், பட்டா, அடங்கல். இன்டெக்ஸில் கிரயம் 1 முதல் 8, பாகப் பிரிவினை 9 முதல் 20 என்று ஆரம்பித்துக் கடைசி ஆவணம் 112-ல் முடிந்தது. இன்டெக்ஸ் பிரிண்ட் போட்ட மறுநாள், கிரயப் பத்திரத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும் என்று வக்கீல் சொன்னார். அது ஆறு பக்கம். அதைப் பத்திரத்துக்குப் பின்னால் சேர்த்து, மொத்தத்தையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, பக்க எண் போட்டார்கள். இன்டெக்ஸை யாரும் தொடவில்லை.

அது கையால் டைப் செய்த இன்டெக்ஸ். உள்ளே பக்கம் கூடினால் அதுவாக மாறாது. ஆகவே இரண்டாவது ஆவணத்திலிருந்து எல்லாமே ஆறு பக்கம் தள்ளிப் போயின. பாகப் பிரிவினை 9 என்று இன்டெக்ஸ் சொல்கிறது, உண்மையில் அது 15-ல் தொடங்குகிறது. எங்கள் பங்கின் நான்கு எல்லையும் அந்தப் பத்திரத்தின் நான்காம் பக்கத்தில் இருக்கின்றன. இன்டெக்ஸை நம்பி வக்கீல் தன் குறிப்பில் '12-ம் பக்கம்' என்று எழுதி வைத்திருந்தார். 12-ல் இருந்தது தாத்தாவின் கிரயத்துக்கான மொழிபெயர்ப்பு. சரியான பக்கம் 18. விசாரணை நாளில் அவர் '12-ஐப் பாருங்கள்' என்று சொல்லியிருந்தால் நீதிபதி கையில் வேறு நிலத்தின் எல்லை இருந்திருக்கும். கட்டு முன்கூட்டியே திரும்பி வந்தது எங்கள் நல்ல காலம் என்றே நினைக்கிறேன்.

18-ம் பக்கத்தைத் தேடியபோது இன்னொரு கோளாறு தெரிந்தது. அந்தப் பக்கத்தில் 18 என்ற எண்ணே இல்லை! பழைய பத்திரம் 14 அங்குல நீளமுள்ள லீகல் தாள். ஸ்கேனும் அதே அளவில் எடுத்து, அடியில் பக்க எண் போட்டுவிட்டு, ஏ4 தாளில் சுருக்காமல் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். ஏ4 ஏறக்குறைய 11.7 அங்குலம்தான். அடிப்பகுதி வெட்டுப்பட்டு, பக்க எண்ணோடு ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பெரியவர்கள் போட்ட கையெழுத்தும் போய்விட்டது. மிஞ்சியது பத்திரத்தின் தலையில் முன்பே இருந்த '4' மட்டும். பன்னிரண்டு பக்கத்திலும் இதே கதி. பிரிண்ட் கொடுக்கும்போது 'Fit' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் முழுப் பக்கமும் சுருங்கி உள்ளே வந்திருக்கும்.

கடைக்குத் திரும்பிப் போனேன். "நீங்க மறுநாள் பேப்பர் சேர்த்தீங்க, அதுக்கு நாங்க என்ன பண்றது" என்றார் கடைக்காரர். பேப்பர் சேர்த்தது நாங்கள்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் சேர்த்த பிறகு இன்டெக்ஸை மாற்ற வேண்டும் என்பது அந்தத் தொழில் செய்கிறவருக்குத் தெரியாதா? ஹெட்டரில் இருந்த பெயரைக் காட்டினேன், அதற்குப் பதில் இல்லை. திரும்பப் போட்டுத் தர மறுபடி முழுக் காசு கேட்டார். கொடுக்க மனசில்லை. தஞ்சாவூரில் வேறு இடத்தில் போட்டோம்.

அங்கே இருந்த அம்மா செய்த முறையைச் சொல்கிறேன், இதை எந்தக் கடையிலும் கேட்டு வாங்கலாம். அவர் இன்டெக்ஸைக் கடைசிக்கு வைத்தார். முதலில் எல்லா ஆவணத்தையும் ஏ4 அளவுக்குக் கொண்டுவந்து, வரிசைப்படுத்தி, "இனி பேப்பர் ஏதும் வருமா தம்பி? வக்கீலைக் கேட்டுச் சொல்லுங்க" என்றார். நான் போன் செய்து உறுதி சொன்ன பிறகுதான் பக்க எண் போட்டார். எண்ணை அடியில் போடாமல் வலது மேல் மூலையில், பத்திரத்தின் சொந்த எண்ணோடு குழம்பாதபடி பெரிதாகப் போட்டார். அப்புறம் பிரிண்ட் எடுத்த தாளைக் கையில் வைத்து, ஒவ்வொரு ஆவணமும் எந்த எண்ணில் தொடங்குகிறது, எதில் முடிகிறது என்று நான் படிக்கப் படிக்க இன்டெக்ஸை டைப் செய்தார். திரையைப் பார்த்து எழுதவில்லை. இன்டெக்ஸுக்காக முன்னால் விட்டிருந்த இரண்டு பக்கத்துக்கு எண் போடாததால் திரையில் 20 என்று காட்டும் பக்கம் தாளில் 18 ஆக இருந்தது. அதைப் பார்த்து எழுதினால் இரண்டு பக்கம் தள்ளிப் போகும்.

வாங்கும்போது நீங்கள் பார்க்க ஐந்து நிமிடம் போதும். இன்டெக்ஸின் கடைசி எண்ணையும் கட்டின் கடைசித் தாளில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். எங்கள் கட்டில் ஒன்று 112, மற்றது 118. இரண்டும் ஒன்றாக இருந்தாலும் நடுவில் ஒரு ஆவணம் கூடி இன்னொன்று குறைந்திருக்கலாம், அதனால் நடுவிலும் இரண்டு ஆவணங்களைத் திறந்து பாருங்கள். மூன்று செட் என்றால் மூன்றிலும் பாருங்கள். எங்கள் இரண்டாவது செட்டில் ஒரு தாள் தலைகீழாக இருந்தது.

புதுக் கட்டைத் தாக்கல் செய்துவிட்டோம். ஆனாலும் எனக்கு ஒரு கவலை இருந்தது. எங்கள் கோப்பும் கும்பகோணம் கடையின் கம்ப்யூட்டரில்தானே கிடக்கிறது? அடுத்து வருகிறவர் கட்டில் அப்பாவின் பெயரும் சர்வே எண்ணும் போய் நிற்குமே. மறுபடி போய், என் கண் முன்னால் அழிக்கச் சொன்னேன். அழித்தார். ஒரத்தநாட்டுக் குடும்பத்தின் கோப்பையும் காட்டி, அதையும் அழிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.