பயாஸ் அமைப்புகளை அழிக்க: பேட்டரியைக் கழற்றுவதா, ஜம்பரை இணைப்பதா?

தண்டையார்பேட்டையில் என் வீட்டுக் கணினியில், கணினி தொடங்கும்போதே இயங்கும் பயாஸ் நிரலில், 3200 வேகத்துக்கான டிடிஆர்4 ரேமை 3600-க்கு உயர்த்திச் சேமித்ததும் திரை இருண்டுவிட்டது. விசிறிகள் சுழன்றன, மதர்போர்டின் ஓரத்தில் DRAM என்று எழுதப்பட்ட சிறு விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தது. பல மதர்போர்டுகள் சில முறை முயன்று தோற்றபின் தாமாகவே பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும் என்பதால், முதலில் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். டிடிஆர்5 ரேமாக இருந்தால் இன்னும் பொறுமை தேவை. அப்படியும் உயிர் பெறாதபோது, சேமித்த பயாஸ் அமைப்புகளை அழிக்க எஞ்சுபவை இரண்டு வழிகள். ஒன்று, நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி வைப்பது. மற்றொன்று, CLRTC, CLR_CMOS, JBAT1 போன்ற பெயர்களில் மதர்போர்டில் அச்சிட்டிருக்கும் ஊசிகளை இணைப்பது, அதாவது ஜம்பர் வழி. நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. இன்றும் அதையே பரிந்துரைப்பேன்.

பேட்டரி வழியின் வசதி வெளிப்படையானது: கையேடு வேண்டியதில்லை, எந்த ஊசி எது என்று தேட வேண்டியதில்லை. ஆனால் அந்த வழியில் அமைப்புகள் உண்மையிலேயே அழிந்தனவா என்ற ஐயம் கடைசிவரை நீங்குவதில்லை. கணினியை அணைத்த பிறகும், மின்கம்பி செருகியிருக்கும் வரை, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். அமைப்புகளைக் காக்கும் பகுதி அதிலிருந்தே உயிர் வாழ்வதால், பேட்டரி மேசைமேல் கிடந்தாலும் ஒன்றும் அழியாது. கம்பியைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் மிச்ச மின்சாரம் தங்கும். பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து அதை வடித்துவிட்டு, மேலும் பத்துப் பதினைந்து நிமிடங்களாவது விட்டுவைப்பது நல்லது. “பேட்டரியைக் கழற்றியும் சரியாகவில்லை” என்று புலம்புவோரில் பலர் இந்த இடத்தில்தான் சறுக்கியிருப்பார்கள். போதாக்குறைக்கு, பல மதர்போர்டுகளில் பேட்டரி கிராபிக்ஸ் கார்டின் அடியில் ஒளிந்திருக்கும். அந்தக் கனமான அட்டையை முழுவதும் கழற்றினால்தான் விரலே உள்ளே நுழையும்.

ஜம்பர் வழி, மின்சாரம் வடியட்டும் என்று காத்திருப்பதில்லை. மீட்டமைப்புக்கான சமிக்ஞைக் கம்பியையே அது நேரடியாகத் தரையோடு இணைத்துவிடுகிறது. எஸ்எம்பிஎஸ்ஸை அணைத்து, கம்பியைப் பிடுங்கி, இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒருசேரத் தொட்டுப் பத்து நொடி வைத்திருந்தால் போதும். மூன்று ஊசிகள் உள்ள பழைய வகையில், ஊசிகளின் மேல் மாட்டியிருக்கும் சிறு மூடியை 1–2 இலிருந்து 2–3க்கு மாற்றிவிட்டு, மின்சாரம் தருவதற்கு முன் மறக்காமல் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். இதில் உள்ள முக்கிய ஆபத்து, அருகிலுள்ள யுஎஸ்பி ஊசிகளைத் தவறுதலாக இணைத்துவிடுவது. ஆகையால் டார்ச் அடித்து எழுத்தைப் படித்து, கையேட்டின் படத்தோடு ஒப்பிட்ட பிறகே தொட வேண்டும்.

அழிந்ததா என்பதைக் கணினியே சொல்லிவிடும். `Press F1 to Run SETUP` போன்ற அறிவிப்பு வரும், அல்லது ரேம் வேகம் 2133, 2400 என்று அடிப்படை அளவுக்கு இறங்கியிருக்கும். அதன்பின் ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி, விசிறி வேகம் ஆகியவற்றை மீண்டும் அமைக்க வேண்டும். வட்டுகள் முன்பு பலவற்றை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு முறையில் இருந்திருந்தால் அதையும் திரும்பத் தேர்ந்தெடுக்காமல் விண்டோஸ் எழும்பாது. விண்டோஸில் வட்டுக்குப் பிட்லாக்கர் பூட்டு போட்டிருப்பவர்கள், மீட்புச் சாவியைக் கைவசம் வைத்துக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றுவதற்கு எங்கள் பகுதியில் ஒரு தனி நியாயம் உண்டு. ராயபுரம், காசிமேடு பக்கத்து உப்புக் காற்றில் பேட்டரியைப் பிடித்திருக்கும் உலோக நாக்குகள் பச்சை பூத்துவிடுவதுண்டு. மின்தடைக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கிப் போகிறதென்றால், கோளாறு வேகத்தை உயர்த்தும் ஓவர்கிளாக்கில் இல்லை, பேட்டரியிலோ அதன் பிடிப்பிலோ இருக்கிறது. புதிய பேட்டரி மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். அதைவிட நன்றாகக் குறைந்திருந்தால் வாட்ச் கடையில் புதிது வாங்கிப் போடுவதே சரி.

விலை கூடிய மதர்போர்டுகளின் பின்புறத்தில் இதற்கெனவே ஒரு பொத்தான் இருக்கும். என் நண்பரின் கணினியில் மட்டுமே அதைப் பயன்படுத்தியிருக்கிறேன் என்பதால் அதிகம் சொல்ல இயலாது. கேபினட்டைத் திறக்காமலே வேலை முடிந்தது. ஜம்பரை இணைத்த பிறகும் DRAM விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், மீண்டும் மீண்டும் அழிப்பதால் பயனில்லை. ஒரே ஒரு ரேம் குச்சியைக் கையேடு சொல்லும் துளையில், பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவதில், அழுத்திச் செருகிப் பார்க்க வேண்டும். பிறகு மற்ற குச்சியை அதே துளையில் மாற்றிப் பார்க்க வேண்டும்.