யூஎச்டி 620-இல் நான்கு வருடம்: எந்த செட்டிங்கைக் குறைத்தால் எவ்வளவு கிடைத்தது

என் லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஐ5-8250யூ பிராசஸர், அதோடு ஒட்டிப் பிறந்த இன்டெல் யூஎச்டி 620, 8 ஜிபி ரேம் ஒரே குச்சியாக. சத்துவாச்சாரியில் மொட்டை மாடியை ஒட்டிய அறையில் வைத்து நான்கு வருடமாக இதில் ஜிடிஏ 5 ஆடுகிறேன். முதல் வருடம் முழுக்க யூடியூபில் யாரோ சொன்ன செட்டிங்கை அப்படியே போட்டு ஆடிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ஒவ்வொன்றாக மாற்றி அளந்து பார்க்கத் தோன்றியது.

அளப்பதில் முதலில் நானே செய்த தப்பு, எஃப்பிஎஸ் எண்ணை மட்டும் பார்த்தது. 60 எஃப்பிஎஸ் 65 ஆனாலும் ஐந்து கூடுகிறது, 18 எஃப்பிஎஸ் 23 ஆனாலும் ஐந்துதான் கூடுகிறது. ஆனால் முதலாவதில் ஒரு ஃபிரேமுக்கு மிச்சமானது 1.3 மில்லிசெகண்ட், இரண்டாவதில் 12. செட்டிங்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமென்றால் 1000-ஐ எஃப்பிஎஸ்ஸால் வகுத்து, ஒரு ஃபிரேமுக்கு எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, விசிங்கை அணைத்துவிட்டு அளக்க வேண்டும். அது ஓடிக்கொண்டிருந்தால் எண் 30, 20 என்று படி இறங்கி நிற்கும், நடுவில் கிடைத்த லாபம் கண்ணுக்கே தெரியாது.

விளையாட்டுக்குள்ளேயே பெஞ்ச்மார்க் இருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு செட்டிங், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஓட்டம், முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெட்டி சில்லென்று இருக்கும்போது பிராசஸர் கொஞ்ச நேரம் தன் வரம்பைத் தாண்டி மின்சாரம் இழுத்துக்கொள்ளும், அந்த எண்ணை நம்ப முடியாது.

தொடங்கியது 1080பி-யில். டெக்ஸ்ச்சர், நிழல், புல் மூன்றும் ஹை, மற்றவை நார்மல். சராசரி 18 எஃப்பிஎஸ், அதாவது ஒரு ஃபிரேமுக்கு 55 மில்லிசெகண்ட்.

பெரிய லாபம் ரெசல்யூஷனில்தான் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் ரெசல்யூஷனையே 720பி-க்கு இறக்கினால் வரைபடமும் எழுத்தும் சேர்ந்து மங்கிவிடும். ஜிடிஏ 5-இல் Advanced Graphics பக்கத்தில் Frame Scaling Mode என்று ஒன்று உண்டு. அது முப்பரிமாணக் காட்சியை மட்டும் சின்னதாக வரைந்து பெரிதாக்கும், எழுத்து கூர்மையாகவே இருக்கும். 3/4 வைத்தால் 1440×810, பழைய பிக்சல்களில் 56 சதவீதம். எனக்கு 55 மில்லிசெகண்ட் 38 ஆனது. 56 சதவீதம் என்றால் 31-க்கு வந்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். வராது. பிக்சல் எண்ணிக்கையோடு சேர்ந்து குறையாத வேலைகளும் ஒரு ஃபிரேமுக்குள் இருக்கின்றன. அதில் முக்கியமானது நிழல்.

1/2 வரைக்கும் போய்ப் பார்த்தேன். 27 மில்லிசெகண்ட், 37 எஃப்பிஎஸ். குடியாத்தத்திலிருந்து வந்திருந்த சித்தி பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா இது, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கீது" என்றான். 3/4-க்கே திரும்பிவிட்டேன்.

இப்போது நிழலுக்கு வருவோம். நிழல் வரைபடத்தை விளையாட்டு தனியாக, தனி அளவில் வரைகிறது. திரையின் ரெசல்யூஷனைக் குறைத்தாலும் அந்தச் செலவு அப்படியே நிற்கும். அதனால் ஸ்கேலிங்கைக் குறைத்த பிறகு மொத்தத்தில் நிழலின் பங்கு கூடிவிடுகிறது. ஹையிலிருந்து நார்மலுக்கு இறக்கி, மென்மையான நிழலை Sharp ஆக்கியதில் 38 மில்லிசெகண்ட் 33 ஆனது. அதாவது 30 எஃப்பிஎஸ். கண்ணுக்கு இழப்பு என்றால் நிழலின் ஓரம் கொஞ்சம் ரம்பம் மாதிரி தெரியும், அவ்வளவே.

புல் கொஞ்சம் ஏமாற்றும். நகரத்தில் அளந்தபோது ஹை, நார்மல் இரண்டுக்கும் ஒரே எண் வந்தது, சரி இது வெறும் பெயருக்கு என்று விட்டுவிட்டேன். பிறகு சிலியாட் மலையடிவாரத்தில் நின்றால் திணறுகிறது. அதே இடத்தில் நின்று மாற்றிப் பார்த்தேன், 47 மில்லிசெகண்ட் 38-க்கு வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் மெல்லிய இலைகளால் ஒரே பிக்சலைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டியிருக்கிறது, இந்தச் சின்ன சிப்புக்கு அது பெரிய பாரம். எந்த செட்டிங்கானாலும் அது வலிக்கும் இடத்தில் நின்றுதான் அளக்க வேண்டும்.

எல்லோரும் முதலில் கைவைக்கும் டெக்ஸ்ச்சரில் எனக்குக் கிடைத்தது அரை மில்லிசெகண்டுக்கும் குறைவு. ஒரே செட்டிங்கை இரண்டு தடவை ஓட்டினாலே அந்த வித்தியாசம் வரும். டெக்ஸ்ச்சர் தின்பது நினைவக இடத்தை. இதில் கிராபிக்ஸுக்கு என்று தனி நினைவகம் இல்லை, ரேமிலிருந்தே எடுக்கிறது. அதனால் பின்னால் பிரவுசர் திறந்திருந்தால் டெக்ஸ்ச்சர் ஹையில் சராசரி குறையாது, ஆனால் திடீர் திடீரென்று அரை நொடி உறையும். உறைந்தால் குறையுங்கள், உறையாவிட்டால் ஹையிலேயே விடுங்கள்.

இதெல்லாம் மார்கழியில் அளந்தது. கத்திரி வெயிலில் நம்ம வேலூர் மாடி அறை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே செட்டிங், மே மாத மதியம், இருபது நிமிடம் ஆடியதும் 30 இருந்த இடத்தில் 23. எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து பார்த்தால் 1100 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய கிராபிக்ஸ் 700-இல் தவழ்கிறது. பிராசஸரும் கிராபிக்ஸும் அதே 15 வாட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, சூடு ஏறினால் அதுவும் குறைகிறது. பிராசஸர் தேவையில்லாமல் உச்ச வேகத்துக்குப் போய் கிராபிக்ஸின் பங்கைத் தின்றுவிடுகிறது. அதன் வேகத்துக்கு ஒரு கட்டு போட்டேன்:

```
powercfg /setacvalueindex scheme_current sub_processor PROCFREQMAX 2400
powercfg /setactive scheme_current
```

2400 என்பது மெகாஹெர்ட்ஸ். பழையபடி ஆக வேண்டுமென்றால் அந்த இடத்தில் 0. மதியத்தில் 23 இருந்தது 28 ஆனது. முதலில் ஆசைப்பட்டு 1600 வைத்தேன், நகரத்துக்குள் வேகமாக ஓட்டும்போது வெட்டி வெட்டிப் போனது. அங்கே ஸ்கேலிங்கை 1/2-க்கு இறக்கியும் எண் ஏறவில்லை. ரெசல்யூஷனைக் குறைத்தும் எஃப்பிஎஸ் ஏறாவிட்டால் தடை பிராசஸரில் இருக்கிறது, அப்போது கிராபிக்ஸ் செட்டிங்கை எவ்வளவு குறைத்தும் பயனில்லை.

மூன்றாம் வருடம் காலியாக இருந்த ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி குச்சியைப் போட்டேன். கடைக்கார அண்ணன், "ரேம் போட்டா ஹேங் ஆவாது, அவ்ளோதாம்பா, கேம் வேகம்லாம் ஏறாது" என்றார். தனி கார்டு உள்ள லேப்டாப்புக்கு அவர் சொன்னது பெரும்பாலும் சரி. இதில் கிராபிக்ஸ் ரேம் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. டிடிஆர்4-2400 ஒற்றைக் குச்சியில் நொடிக்கு 19.2 ஜிபி போகிற பாதை, இரட்டைக் குச்சியில் 38.4 ஆகிறது. செட்டிங் எதையும் தொடாமலேயே 33 மில்லிசெகண்ட் 25-க்கு இறங்கியது. உங்களுடையதில் எத்தனை குச்சி என்று டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் Slots used என்ற வரியில் பார்க்கலாம்.

கிடைத்த லாபத்தில் ஸ்கேலிங்கை 5/6-க்கு ஏற்றிவிட்டேன். நிழலும் புல்லும் இன்னும் நார்மலில்தான். மே மாதத்தில் மட்டும் மறுபடி 3/4, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் ஆட்டம்.